இரண்டு சமாந்தரக் கம்பிகள்: விசையைக் கணித்து, புலம் பூச்சியமாகும் இடத்தைப் பிடிப்பது எப்படி

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை உயர்தர பௌதிகவியல் வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போதெல்லாம் ஒரு விசித்திரத்தைப் பார்க்கிறேன். நிலைமின்னியலில் நன்றாகக் கணக்குச் செய்யும் பிள்ளைகள்தான் இதில் முதலில் வழுக்கி விழுகிறார்கள். ஏற்றங்களுக்குப் படித்த பழக்கத்தை அப்படியே கம்பிகளுக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தப் பழக்கம் இங்கே இரண்டு இடங்களில் பிழைக்கும். எங்கே என்பது போகப் போகத் தெரியும்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கணக்கை எடுத்துக்கொள்கிறேன். A, B என்று இரண்டு நீண்ட நேரான கம்பிகள், இடையில் 8 சென்ரிமீற்றர். A-யில் 6 அம்பியர், B-யில் 2 அம்பியர். விசை எவ்வளவு? புலம் எங்கே பூச்சியம்? ஒரே திசையில் ஓடினால் ஒரு விடை, எதிர்த்திசையில் ஓடினால் வேறு விடை.

## 1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சூத்திரம் ஒன்று போதும். நீண்ட நேரான கம்பியிலிருந்து r தூரத்தில் காந்தப்புலம்:

```
B = (μ0 / 2π) × (I / r)
μ0 / 2π = 2 × 10⁻⁷
```

I-ஐ அம்பியரிலும் r-ஐ மீற்றரிலும் போட்டால் B தெசுலாவில் வரும். எண் 2 × 10⁻⁷ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 4π-யை எழுதி 2π-யால் வெட்டும்போதுதான் பலர் ஒரு 2-ஐத் தொலைக்கிறார்கள்.

சூத்திரத்தின் கீழே இருப்பது r, r² அல்ல. ஏற்றங்களில் இருந்து வருபவர்கள் இதை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் பாதியாகும், கால்வாசியாகாது.

அப்புறம் இரண்டு கை விதிகள். புலத்தின் திசைக்கு வலக்கைப் பிடி: பெருவிரல் ஓட்டத்தின் பக்கம் இருந்தால் மடங்கிய விரல்கள் புலம் சுற்றும் பக்கம். விசையின் திசைக்குப் பிளெமிங்கின் இடக்கை: சுட்டுவிரல் புலம், நடுவிரல் ஓட்டம், பெருவிரல் விசை. எந்தக் கை எதற்கு என்று பரீட்சை மண்டபத்தில் யோசிக்கக் கூடாது. புலத்தை வலக்கையால் கண்டுபிடித்த பிறகுதான் இடக்கையைத் தூக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் குழப்பம்தான்.

## 2. படத்தை மேலிருந்து பாருங்கள்

கம்பிகளை இரண்டு நீண்ட கோடுகளாக வரைய வேண்டாம். அப்படி வரைந்தால் புலம் தாளுக்குள்ளேயும் வெளியேயும் போகும். அதை மனதில் பிடித்து வைப்பது கடினம். கம்பிகளின் நுனியைப் பார்ப்பது போல வரையுங்கள். இரண்டு சிறிய வட்டங்கள், இடது பக்கம் A, வலது பக்கம் B. ஓட்டம் உங்களை நோக்கி வந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி, உங்களை விட்டுப் போனால் ஒரு பெருக்கல் அடையாளம்.

இப்படி வரைந்தால் புலம் முழுவதும் தாளின் மேலேயே கிடக்கும். புள்ளி போட்ட கம்பியைச் சுற்றிப் புலம் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே அந்தக் கம்பிக்கு வலப்பக்கம் புலம் மேல்நோக்கியும், இடப்பக்கம் கீழ்நோக்கியும் இருக்கும். பெருக்கல் அடையாளம் போட்டதற்கு இது தலைகீழ்.

A-யையும் B-யையும் சேர்க்கும் நேர்கோட்டை இரண்டு பக்கமும் நீட்டி விடுங்கள். பூச்சியப் புள்ளி இந்தக் கோட்டில் மட்டும்தான் இருக்க முடியும். ஏனென்றால் ஒவ்வொரு கம்பியின் புலமும் அந்தக் கம்பியிலிருந்து வரும் ஆரைக்குச் செங்குத்து. இரண்டு புலங்கள் ஒன்றையொன்று அழிக்க வேண்டுமானால் அவை ஒரே கோட்டில் எதிரெதிராக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆரைகளும் ஒரே கோட்டில் கிடக்க வேண்டும். கோட்டுக்கு மேலே அல்லது கீழே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

## 3. விசையை இரண்டு அடிகளில் கணியுங்கள்

F/L = μ0 I₁ I₂ / 2πd என்ற சூத்திரம் எல்லோருக்கும் பாடம். அதில் எண்களைப் போட்டால் விடை வந்துவிடும். ஆனாலும் நான் வகுப்பில் அதை முதலில் தடை செய்வேன். முதலில் ஒரு கம்பியின் புலம், பிறகு அந்தப் புலத்தில் இருக்கும் மற்றக் கம்பியின் மேல் விசை. இப்படிப் பிரித்தால்தான் திசை தானாக வரும்.

A-யின் புலம் B இருக்கும் இடத்தில்:

```
B_A = 2 × 10⁻⁷ × 6 / 0.08 = 1.5 × 10⁻⁵ T
F/L = 1.5 × 10⁻⁵ × 2 = 3 × 10⁻⁵ N/m
```

இப்போது மறுபக்கம். B-யின் புலம் A இருக்கும் இடத்தில்:

```
B_B = 2 × 10⁻⁷ × 2 / 0.08 = 0.5 × 10⁻⁵ T
F/L = 0.5 × 10⁻⁵ × 6 = 3 × 10⁻⁵ N/m
```

புலங்கள் மூன்று மடங்கு வித்தியாசம், விசைகள் சமம். "ஆறு அம்பியர் கம்பிதானே சேர் பலமா இழுக்கும்?" என்று கேட்காத வகுப்பு இல்லை. பலமான புலத்தில் இருப்பது பலவீனமான ஓட்டம், பலவீனமான புலத்தில் இருப்பது பலமான ஓட்டம். பெருக்கினால் ஒன்றுதான்.

திசைக்கு வருவோம். இரண்டிலும் புள்ளி போட்டிருந்தால், B இருக்கும் இடத்தில் A-யின் புலம் மேல்நோக்கி. இடக்கையை வைத்துப் பாருங்கள்: சுட்டுவிரல் மேலே, நடுவிரல் உங்களை நோக்கி, பெருவிரல் இடப்பக்கம் காட்டும். அதாவது A-யை நோக்கி. ஒரே திசை ஓட்டங்கள் கவரும். B-யில் ஓட்டத்தைத் திருப்பினால் பெருவிரலும் திரும்பும், தள்ளும்.

இந்த அடியில் நடக்கும் பெரிய பிழை, B-யின் மேல் விசையைக் காணும்போது அந்த இடத்தில் "மொத்தப் புலம்" என்று சொல்லி B-யின் சொந்தப் புலத்தையும் கூட்ட முயல்வது. ஒரு கம்பி தன் புலத்தால் தன்னையே ஒரு பக்கமாகத் தள்ளிக்கொள்ளாது. மற்றக் கம்பியின் புலம் மட்டும்தான் கணக்கு.

## 4. தூரத்தைத் தேடுவதற்கு முன் பக்கத்தைத் தீர்மானியுங்கள்

விடை பிழைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். சமன்பாட்டை எழுத அவசரப்படுவார்கள். எந்தப் பக்கம் என்று பார்க்க மாட்டார்கள்.

கோட்டை மூன்று பகுதிகளாகப் பாருங்கள்: A-க்கு இடப்பக்கம், இரண்டுக்கும் நடுவே, B-க்கு வலப்பக்கம். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு அம்புக்குறிகள் போடுங்கள்.

இரண்டிலும் புள்ளி என்றால்: A-க்கு இடப்பக்கம் இரண்டு புலமும் கீழே. B-க்கு வலப்பக்கம் இரண்டும் மேலே. நடுவில் மட்டும் A-யின் புலம் மேலே, B-யின் புலம் கீழே. ஆகவே பூச்சியப் புள்ளி நடுவில்தான்.

B-யில் பெருக்கல் அடையாளம் என்றால்: நடுவில் இரண்டும் மேல்நோக்கிச் சேர்ந்துவிடும். அங்கே பூச்சியம் வரவே வராது. வெளியே இரண்டு பக்கமும் எதிரெதிர். ஆனால் A-க்கு இடப்பக்கம் நிற்கும் எந்தப் புள்ளியும் பலமான கம்பிக்கு அருகிலும் பலவீனமானதற்குத் தூரத்திலும் இருக்கிறது. அங்கே B-யால் A-யை ஈடுகட்ட முடியாது. ஆகவே பலவீனமான கம்பிக்கு வெளிப்பக்கம், அதாவது B-க்கு வலப்பக்கம்.

போன வருடம் ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்வியை இன்னும் வைத்திருக்கிறேன். "சேர், ஏற்றத்துல ஒண்ணையொண்ணு இழுத்தா பூச்சியம் வெளியதானே வரும்? இங்க ரெண்டு கம்பியும் இழுக்குது, அப்ப எப்படி நடுவுல வருது?"

நல்ல கேள்வி. அவள் நினைவில் வைத்திருந்த விதி "தள்ளினால் நடுவில், இழுத்தால் வெளியில்". ஏற்றங்களுக்கு அது சரி. ஒத்த ஏற்றங்கள் தள்ளும், பூச்சியம் நடுவில். ஆனால் ஒத்த ஓட்டங்கள் இழுக்கும். பூச்சியம் அப்போதும் நடுவில். இழுக்கிறதா தள்ளுகிறதா என்பதை இந்தக் கேள்விக்குள் கொண்டுவரவே கூடாது. விசை ஒரு கம்பி இருக்கும் இடத்தில் நடப்பது. பூச்சியப் புள்ளி ஒன்றுமே இல்லாத இடத்தில் இருப்பது. பக்கத்தைச் சொல்வது அம்புக்குறிகள் மட்டுமே.

## 5. தூரத்தைக் காணுங்கள்

பக்கம் தெரிந்துவிட்டால் மிச்சம் சின்ன வேலை. இரண்டு புலத்தின் பருமன்களும் சமம் என்று எழுதினால் 2 × 10⁻⁷ இரண்டு பக்கமும் வெட்டுப்படும். அதனால் இங்கே தூரத்தைச் சென்ரிமீற்றரிலேயே விடலாம்.

ஒரே திசை, A-யிலிருந்து x தூரம்:

```
6 / x = 2 / (8 − x)
48 − 6x = 2x
x = 6 cm
```

எதிர்த்திசை, B-க்கு வெளியே y தூரம்:

```
6 / (8 + y) = 2 / y
6y = 16 + 2y
y = 4 cm
```

முதலாவதில் தூரங்கள் 6-உம் 2-உம். இரண்டாவதில் 12-உம் 4-உம். இரண்டிலும் 3:1, ஓட்டங்களின் அதே விகிதம். ஒரே திசை என்றால் 8 சென்ரிமீற்றரை உள்ளே பிரிக்கிறோம், எதிர்த்திசை என்றால் வெளியே பிரிக்கிறோம். கேத்திர கணிதத்தில் படித்த உட்பிரிவு, வெளிப்பிரிவு இதுவே.

எதிர்த்திசையில் y-ஐ B-யிலிருந்து அளந்தேனா A-யிலிருந்து அளந்தேனா என்று இடையில் மறந்துபோவது வழக்கமான சறுக்கல். சமன்பாட்டை எழுதும் முன் படத்தில் y-ஐக் குறித்துவிடுங்கள்.

## 6. விடையைத் திருப்பிப் போடுங்கள்

ஒரே திசை விடைக்கு: A-யின் புலம் 2 × 10⁻⁷ × 6 / 0.06 = 20 மைக்ரோதெசுலா. B-யின் புலம் 2 × 10⁻⁷ × 2 / 0.02 = 20 மைக்ரோதெசுலா. சரி. எதிர்த்திசைக்கு இரண்டும் 10 மைக்ரோதெசுலா வரும், செய்து பாருங்கள்.

இந்த அரை நிமிட வேலை பிடித்துத் தரும் பிழை ஒன்று உண்டு. ஏற்றப் பழக்கத்தில் r² போட்டவருக்கு விகிதம் √3 ஆகி, x சுமார் 5.1 சென்ரிமீற்றர் வரும். பார்த்தால் நியாயமான விடை போலவே இருக்கும். நடுவில்தான் இருக்கிறது, பலவீனமான கம்பிக்குக் கிட்டத்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 24, மறுபக்கம் 14 மைக்ரோதெசுலா. குட்டு வெளிப்பட்டுவிடும்.

## 7. மூன்றாவது கம்பி கேட்டால்

பரீட்சையில் இதற்கு மேலே ஒரு படி வைப்பார்கள். பூச்சியப் புள்ளியில் C என்ற மூன்றாவது கம்பியைச் சமாந்தரமாக வைத்தால் அதன் மேல் விசை என்ன? பூச்சியம். C-யில் எத்தனை அம்பியர், எந்தத் திசை என்பதெல்லாம் தேவையில்லை; புலமே இல்லாத இடத்தில் ஓட்டம் எவ்வளவு இருந்தாலும் விசை இல்லை.

அடுத்த கேள்விதான் சுவையானது: மூன்று கம்பிகளின் மேலும் விசை பூச்சியமாக C-யில் எவ்வளவு ஓட்டம் வேண்டும்? A-யும் B-யும் ஒரே திசை, C அவற்றுக்கு நடுவே A-யிலிருந்து 6, B-யிலிருந்து 2 சென்ரிமீற்றரில். B இருக்கும் இடத்தில் A தரும் புலம் 1.5 × 10⁻⁵ தெசுலா என்று மூன்றாம் பகுதியில் கண்டோம். அதை C அழிக்க வேண்டும்:

```
2 × 10⁻⁷ × I / 0.02 = 1.5 × 10⁻⁵
I = 1.5 A
```

A, B ஒன்றையொன்று இழுப்பதால் C அவற்றைத் தள்ள வேண்டும். ஆகவே C-யின் ஓட்டம் எதிர்த்திசை. A இருக்கும் இடத்திலும் சரிபாருங்கள்: B தருவது 0.5 × 10⁻⁵, C தருவது 2 × 10⁻⁷ × 1.5 / 0.06 = 0.5 × 10⁻⁵. பொருந்துகிறது.

## 8. மேசையில் செய்து பார்க்க

வேண்டியவை: 12 வோல்ற் பெட்டரி, 55 வாற்று ஹெட்லைட் பல்ப் ஒன்று, 21 வாற்று பிரேக் லைட் பல்ப் ஒன்று, 15 அம்பியர் பியூஸ், சுவிட்ச், ஒரு மீற்றர் நீளத் தடித்த வயர் இரண்டு, 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறிய திசைகாட்டி. வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்யக் கூடாது. ஆபத்து ஒரு பக்கம் இருக்க, ஆடலோட்டத்துக்குத் திசைகாட்டி முள் அசையவும் செய்யாது.

பல்புகள் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் வேலையைச் செய்கின்றன. பல்ப் இல்லாமல் வயரை நேராகப் பெட்டரியில் பூட்டினால் வயர் உருகும். ஹெட்லைட் பல்பில் சுமார் 4.6 அம்பியரும் மற்றதில் 1.75 அம்பியரும் ஓடும். உங்களுடையதை மல்டிமீற்றரில் 10 அம்பியர் வீச்சில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வயர்களையும் 8 சென்ரிமீற்றர் இடைவெளியில் நிலைக்குத்தாக இழுத்துக் கட்டுங்கள். திசைகாட்டியை அவற்றின் நடு உயரத்தில், ஒரு மட்டைத் துண்டின் மேல் வையுங்கள். ஒவ்வொரு வயரோடும் ஒரு பல்பைத் தொடராகப் பூட்டி, இரண்டிலும் ஓட்டம் ஒரே திசையில் போகும்படி இணையுங்கள். கணக்குப்படி பூச்சியப் புள்ளி பலமான வயரிலிருந்து 5.8 சென்ரிமீற்றர்.

இப்போது முக்கியமான விஷயம். புவியின் புலம் எங்கும் இருக்கிறது. இலங்கை காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் அது இங்கே கிட்டத்தட்டக் கிடையாகவே, ஏறத்தாழ 40 மைக்ரோதெசுலா அளவில் வடக்கு நோக்கி இருக்கிறது. ஆகவே வயர்களின் புலம் பூச்சியமாகும் இடத்தில் முள் தடுமாறாது; அமைதியாக வடக்கைக் காட்டும். கைபேசியின் காந்தமானிச் செயலியும் அந்த இடத்தில் 0 காட்டாது, 40-ஐ ஒட்டிக் காட்டும். "சேர், பூச்சியமே வரலையே" என்று கைபேசியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஆகவே தேட வேண்டியது சுவிட்சைப் போட்டாலும் எடுத்தாலும் முள் அசையாத இடம். இதற்கு இரண்டு வயர்களையும் சேர்க்கும் கோடு வடக்கு-தெற்காக இருந்தாக வேண்டும். அப்போதுதான் வயர்களின் புலம் கிழக்கு-மேற்காக இருந்து முள்ளைத் திருப்பும். வயர்களைக் கிழக்கு-மேற்காக வைத்தால் அவற்றின் புலம் வடக்கு-தெற்காகக் கிடக்கும். அப்போது புலம் இருந்தும் முள் பல இடங்களில் திரும்பாது. எல்லா இடமும் பூச்சியப் புள்ளி போலத் தோன்றும். இப்படி ஒரு குழு ஒரு மாலை முழுவதையும் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரியாக வைத்தால் 5.8-இல் முள் அசையாது. அங்கிருந்து பலமான வயர் பக்கம் ஒரு சென்ரிமீற்றர் போனால் சுமார் 12 பாகை ஒரு பக்கம் திரும்பும். பலவீனமான வயர் பக்கம் ஒரு சென்ரிமீற்றர் போனால் சுமார் 21 பாகை மறுபக்கம் திரும்பும். முள் பக்கம் மாறுவதுதான் நீங்கள் புள்ளியைத் தாண்டிவிட்டதற்கு அடையாளம்.

கணக்குக்கும் அளவுக்கும் ஒத்துவராவிட்டால் முதலில் திரும்பி வரும் வயர்களைப் பாருங்கள். பெட்டரிக்குத் திரும்பும் வயர் 20 சென்ரிமீற்றர் தள்ளி ஓடினால் அது தனியாகவே 6 மைக்ரோதெசுலா தரும்; புள்ளி நகர்ந்துவிடும். ஒரு மீற்றருக்கு அப்பால் கொண்டுபோங்கள். அடுத்தது வயரின் நீளம். 30 சென்ரிமீற்றர் வயர் என்றால், 6 சென்ரிமீற்றர் தூரத்தில் புலம் சூத்திரம் சொல்வதைவிட 7 வீதம் குறையும், 2 சென்ரிமீற்றரில் ஒரு வீதம்தான் குறையும். பலமான வயர்தான் கூடுதலாக இழப்பதால் புள்ளி அதன் பக்கம் நகரும். ஒரு மீற்றர் வயரில் இந்தக் குறைவு ஒரு வீதத்துக்குள். மேசைக்குக் கீழே இரும்புக் கால் இருந்தாலும் எல்லாம் கெடும்.

எதிர்த்திசையை மேசையில் செய்ய நான் சொல்வதில்லை. அந்தப் புள்ளி பலவீனமான வயருக்கு வெளியே 4.9 சென்ரிமீற்றரில் வர வேண்டும். ஆனால் அங்கிருந்து ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தாலும் முள் ஒன்று, இரண்டு பாகைதான் திரும்பும். சிறிய திசைகாட்டியில் அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. கணக்கில் கூர்மையாக இருக்கும் புள்ளி, அளவில் அகன்ற ஒரு பட்டையாகிவிடும்.

## 9. இரண்டு ஓட்டமும் சமமாக இருந்தால்

ஒரே திசையில் சமம் என்றால் சரி பாதியில் பூச்சியம். அவ்வளவுதான்.

எதிர்த்திசையில் சமம் என்றால் சமன்பாடு I / (d + y) = I / y ஆகிறது; அது d = 0 என்று முடிகிறது. பிழை செய்துவிட்டோமோ என்று பிள்ளைகள் அழித்து அழித்து எழுதுவார்கள். பிழை இல்லை, அப்படி ஒரு புள்ளியே கிடையாது. தூரம் போகப் போகப் புலம் வேகமாகக் குறையும், எங்கும் பூச்சியமாகாது.

இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. கம்பத்திலிருந்து லயத்துக்கு வரும் இரண்டு வயர்களும் இதேதான்: ஒன்றில் போகும் ஓட்டம் மற்றதில் திரும்புகிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த வயர்கள் ஒன்றோடொன்று மோதிப் பொறி பறப்பதைப் பார்த்த ஒரு பையன், அது காந்த விசையால்தானே என்று கேட்டான். கணக்குப் போட்டோம். வயர்களுக்கிடையே 30 சென்ரிமீற்றர், ஒரு கேத்தல் இழுக்கும் 10 அம்பியர் என்று வைத்தோம்:

```
F/L = 2 × 10⁻⁷ × 10 × 10 / 0.3 ≈ 6.7 × 10⁻⁵ N/m
```

பத்து மீற்றர் நீளத்துக்கும் சேர்த்து இது 0.07 கிராம் எடைக்குச் சமம். ஒரு சிட்டிகை தேயிலைத் தூள்கூட அதைவிடப் பாரம். அதோடு ஓட்டம் எதிர்த்திசை என்பதால் அது தள்ளும் விசை. ஆடலோட்டம் மாறி மாறி ஓடினாலும் இரண்டு வயரிலும் சேர்ந்தே திசை மாறுவதால் எப்போதும் தள்ளல்தான். வயர்களை மோத வைத்தது காற்று.